சங்கிலிப்பாண்டி கேட்காமல் விட்ட பாதிப் பங்கு

வக்கீல் ரேணுகாதேவியிடம் பத்தொன்பது வருடமாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். கோவில்பட்டி கோர்ட்டு வாசலில் ஏமாற்றுக்காரர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அவர்கள் மேல் வராத கோபம், மரியாதை பார்த்துக் கெட்டுப்போன சங்கிலிப்பாண்டி மேல்தான் வருகிறது.

புதூர்ப் பக்கம் அவருக்கு நாலு ஏக்கர் கரிசல் இருந்தது. பக்கத்துப் புஞ்சை மாயகிருஷ்ணனுடைய அம்மா பெயரில்; உழுதது அவன். ஒரு தை மாதம் இருவரும் உளுந்துச் செடியைப் பறித்து, அந்தப் பக்கத்து வழக்கப்படி தார்ரோட்டில் பரப்பினார்கள். போகிற வண்டி ஏறினால் மணி உதிரும். செடி கலையாமல் இருக்கச் சுற்றிலும் கல் வைத்திருந்தார்கள். பொழுது சாய உளுந்தை அள்ளினார்கள். கல்லை இவர் எடுப்பார் என்று அவரும், அவர் எடுப்பார் என்று இவரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மசங்கல் இருட்டில் அந்தக் கல்லில் பைக்கை ஏற்றி விழுந்த ஒரு மனிதருக்கு வலது கால் முட்டியோடு போயிற்று. பாவம், அவர் என்ன செய்தார்!

அவர் இருவர் மேலும் வழக்குப் போட்டார். தப்பு இருவருக்கும் சரிபாதி, ஆறு லட்சத்தை இருவரும் சேர்ந்தோ தனியாகவோ கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதாவது, கால் போனவர் முழுப் பணத்தையும் யாரிடம் வேண்டுமானாலும் வசூலிக்கலாம். மாயகிருஷ்ணன் பெயரில் அன்று ஒரு சென்ட் கிடையாது. ஜப்தி மனு சங்கிலிப்பாண்டி நிலத்தின் மேல் வந்தது. மனிதர் நாலு ஏக்கரையும் அடிமாட்டு விலைக்கு விற்று, 2021 பிப்ரவரி 12ஆம் தேதி ஆறு லட்சத்தையும் கோர்ட்டில் கட்டினார்.

அன்றைக்கே வக்கீலம்மா உட்காரவைத்துச் சொன்னார்கள்: "உங்க பங்குக்கு மேல கட்டுன மூணு லட்சத்த மாயகிருஷ்ணன்கிட்ட கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா இன்னையிலேருந்து மூணு வருசத்துக்குள்ள கேஸ் போடணும். இல்லன்னா, அந்தக் கெடுவுக்குள்ள 'நான் தரவேண்டியது உண்டு'ன்னு அவர் எழுதிக் கையெழுத்துப் போடணும். வாய்ப்பேச்சு செல்லாது."

நிலத்தை வாங்கியவரும் நல்ல மனிதர்தான். மூணு லட்சம் கொண்டுவந்தால் ரெண்டு ஏக்கரைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த ரெண்டு ஏக்கரை நினைத்துத்தான் சங்கிலிப்பாண்டியும் அவர் மனைவி வெள்ளைத்தாயும் கூலிக்குப் போய் நாளை ஓட்டினார்கள்.

"உளுந்து எடுத்ததும் தாரேன் அண்ணாச்சி" என்பான் மாயகிருஷ்ணன். முதல் வருடம் மழை இல்லை. மறுவருடம் காய் முற்றும்போது மழை. மூன்றாவது வருடம் நான் பொறுக்க முடியாமல், மாயகிருஷ்ணன் தரவேண்டியது உண்டு என்று ஒரு கடிதத்தை டைப் அடித்துச் சங்கிலிப்பாண்டி கையில் திணித்தேன். "இதுல ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க, போதும்" என்றேன்.

2024 பிப்ரவரி 4ஆம் தேதி அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். வீட்டு வாசலில் பந்தல். மாயகிருஷ்ணனின் அம்மா அன்று விடியலில் இறந்திருந்தாள். இவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பாடை சுமக்கப் போய்விட்டார்.

ஒன்பதாம் தேதி நான் போன் போட்டேன். "அண்ணாச்சி, திங்கக்கிழமையோட கெடு முடியுது. ஒடனே வாங்க, கேஸப் போட்ருவோம்."

"என்னய்யா பேசுதீரு! துஷ்டி வீட்டு மேல கேஸ் போடச் சொல்லுதீரா? பதினாறு கழியட்டும்."

"கோர்ட்டு பதினாறெல்லாம் பாக்காது அண்ணாச்சி!"

"நாங்க பாப்போம்லா" என்று வைத்துவிட்டார். தலையில் அடித்துக்கொண்டேன்.

பத்தொன்பதாம் தேதி பதினாறாம் நாள் காரியம். மறுநாள் போய்க் கேட்டிருக்கிறார். மாயகிருஷ்ணன் முகத்தைப் பார்க்காமல், "விசாரிச்சுட்டேன் அண்ணாச்சி. நாள் தாண்டிட்டாம்லா. இனி நான் குடுக்க வேண்டியதில்லையாம்" என்றானாம். அம்மா நிலம் இப்போது அவனுக்கு. கொடுக்க வழியில்லை என்று இனி அவன் சொல்ல முடியாது.

அடுத்த நாள் சங்கிலிப்பாண்டி எங்கள் ஆபீசுக்கு வந்தார். வக்கீலம்மா மெதுவாகத்தான் சொன்னார்கள்: "இப்ப கேஸ் போட்டா, மாயகிருஷ்ணன் வாயே திறக்காட்டாலும் கெடு தாண்டிருச்சுன்னு கோர்ட்டே தள்ளிரும்யா."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எடுத்தார். வேர்வையில் மடிப்பெல்லாம் நைந்திருந்தது. கையெழுத்துக்கு நான் விட்ட இடம் வெறுமனே கிடந்தது. ரெண்டு ஏக்கர் போயிற்று என்று வெள்ளைத்தாயிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

"பாடைய எறக்கி வச்சிட்டு அன்னைக்கே கேட்ருக்கணுமோய்யா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி, கேட்ருக்கணும்" என்றேன். சட்டப்படி அதுதான் சரி. அதைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.