பத்தாவது தாளில் கையெழுத்துப் போடாதவள்

குர்ஷித் பேகம் அந்த லாட்ஜில் சேர்ந்தது 2014 டிசம்பரில். கிரிவலப் பாதையில் அறுபது அறைகளும் இரண்டு கல்யாண மண்டபமும் ஒரு உணவகமும் கொண்ட பெரிய இடம். எல்லாமாகச் சேர்த்து எண்பது பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். பின்கட்டில் இருந்த சலவைக்கூடம் அவளுடையது. இரண்டு பெரிய மெஷின்கள், ஒரு டிரையர், நான்கு தேய்க்கும் மேசைகள். பௌர்ணமிக்கு மறுநாள் மட்டும் நானூறு விரிப்புகள் வரும். எந்த விரிப்பில் மஞ்சள் கறை, எதில் குங்குமம், எதற்கு எவ்வளவு சூடு என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவாள்.

இப்படி ஒன்பது வருஷம் போயிற்று. ஆனால் தாளில் அவளுக்கு ஒரு வருஷம்கூட முழுதாக இருந்ததில்லை. ஒவ்வொரு ஒப்பந்தமும் டிசம்பர் எட்டில் தொடங்கி அடுத்த நவம்பர் முப்பதில் முடியும். நடுவில் ஏழு நாள் அவள் வேலையில் இல்லை என்று கணக்கு. அந்த ஏழு நாளிலும் அவள் சலவைக்கூடத்தில்தான் நிற்பாள். தீபத் திருவிழா கூட்டம் பெரும்பாலும் அதை ஒட்டியே வரும், வேறு ஆளும் கிடையாது. எட்டாம் தேதி புதுத் தாள் வரும், கையெழுத்துப் போடுவாள், வேலையைப் பார்ப்பாள்.

2023இல் வழக்கத்துக்கு முன்பாக நவம்பரிலேயே மேலாளர் கோதண்டராமன் கொடுத்த தாள் முந்தையவை மாதிரி இல்லை. அவள் அங்கேயே நின்று கடைசி வரை படித்தாள். நான் இதுவரை பார்த்ததெல்லாம் தற்காலிக வேலை, முந்தைய காலத்தை வைத்து எந்த உரிமையும் கோர மாட்டேன், நானே விரும்பி ஒப்புக்கொள்கிறேன் என்று கீழே ஒரு பத்தி சேர்ந்திருந்தது. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இப்பவே போட்டுக் குடுத்துடுங்கம்மா. எல்லாரும் போட்டுட்டாங்க."

"வீட்ல காட்டிட்டு வர்றேன் சார்."

வீட்டில் கணவர் ஜானி பாஷா ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. போட்டுவிட்டு வந்துவிடு, வேலை போய்விட்டால் இந்த வயதில் யார் கொடுப்பார்கள் என்றார். அவர் பயந்ததில் தப்பில்லை என்று குர்ஷித்துக்கும் தெரியும். ஆனால் அந்தப் பத்தி அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே இருந்த மாறன் தாளைப் படித்துவிட்டு, எத்தனை நாள் வேலை பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டார். வருஷமா என்று கேட்டாள். வருஷம் வேண்டாம், நாள் சொல்லுங்கள் என்றார். பிறகு விளக்கினார். ஐம்பது பேருக்கு மேல் வேலை பார்க்கும் லாட்ஜ், கடை, உணவகம் எல்லாவற்றுக்கும் தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. இருபத்து நாலு மாதத்துக்குள் நானூற்று எண்பது நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கியே ஆக வேண்டும். தொழிலாளியின் தவறு இல்லாமல் முதலாளி தானே உண்டாக்கும் இடைவெளி அந்தத் தொடர்ச்சியை அறுக்காது.

"இந்தப் பத்தியில நான் கையெழுத்துப் போட்டுட்டா?"

"போட்டாலும் சட்டம் குடுத்த உரிமை போயிடாது. ஆனா போடாதீங்க. உங்ககிட்ட அதை எழுதி வாங்கப் பாக்குறாங்கன்னா, அவங்களுக்கே பயம் இருக்குன்னு அர்த்தம்."

நிரந்தரத்துக்குத் தகுதியானவர்களின் பட்டியலை லாட்ஜ் எழுதி வைக்க வேண்டும், அதில் பெயர் விடுபட்டவர் ஆய்வாளரிடம் எழுத்தில் முறையிடலாம் என்றும் சொன்னார். குர்ஷித் அன்றே மனு எழுதினாள். வேங்கிக்காலில் இருந்த தொழிலாளர் துறை அலுவலகத்துக்குத் தானே போய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டாள்.

ஆய்வாளரின் கடிதம் லாட்ஜுக்குப் போன வாரமே அவளைச் சலவைக்கூடத்திலிருந்து எடுத்துப் பொதுக் கழிப்பறைகளுக்குப் போட்டார்கள். தானாக ஓடிவிடுவாள் என்று நினைத்திருப்பார்கள். அவள் பக்கெட்டை எடுத்துக்கொண்டு போனாள். ஒன்பது வருஷமாகக் கூடவே வேலை செய்த சரோஜா, ஒரு கையெழுத்துக்காக ஏன்க்கா இப்படிக் கஷ்டப்படுறே என்று அழுதாள். குர்ஷித் அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு அடுத்த கழிப்பறைக் கதவைத் திறந்தாள்.

நவம்பர் முப்பது முடிந்தது. டிசம்பர் ஒன்று காலை ஏழு மணிக்கு அவள் வாசலில் நின்றபோது காவலாளி உள்ளே போய் கோதண்டராமனைக் கூட்டி வந்தான்.

"உங்க கான்ட்ராக்ட் நேத்தோட முடிஞ்சுதும்மா."

"போன வருஷமும் முப்பதாம் தேதிதான் சார் முடிஞ்சது. ஆறாம் தேதி தீபத்தன்னிக்கு இங்க யாரு நின்னாங்க? அப்ப மட்டும் எப்படி உள்ள விட்டீங்க? விட முடியாதுன்னா எழுதிக் குடுங்க. வேங்கிக்கால்ல காட்டணும்."

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. வழியை விட்டு நகர்ந்துகொண்டார். குர்ஷித் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டாள்.

விசாரணை ஜனவரியில் நடந்தது. ஆய்வாளர் சந்திரகலா அதிகம் பேசாதவர். கோதண்டராமன் ஒன்பது ஒப்பந்தங்களையும் வரிசையாக வைத்து, கூட்டம் வரும் நாட்களுக்காக எடுக்கும் ஆட்கள் இவர்கள், ஒவ்வொரு முறையும் வேலை முடிந்து புதிதாகத்தான் சேர்ந்தார் என்றார். குர்ஷித் இரண்டு சான்றுகள் வைத்தாள். ஒன்று ஈ.எஸ்.ஐ. பதிவிலிருந்து எடுத்த தாள்கள், மாதம் எத்தனை நாளுக்குப் பணம் கட்டினார்கள் என்று அதில் இருந்தது. மற்றொன்று, எழுதித் தீர்ந்தபின் அவள் வீட்டில் எடுத்து வைத்திருந்த சலவைக்கூடத்துப் பழைய நோட்டுகள். தினமும் வந்த விரிப்பு, போன விரிப்பு, தேதி, அதன் கீழே அவள் கையெழுத்தும் மேற்பார்வையாளர் கையெழுத்தும். 2022 டிசம்பர் ஆறாம் தேதிப் பக்கத்தை அவள் விரித்தாள். அறுநூற்று இருபது விரிப்புகள்.

சந்திரகலா ஒப்பந்தத்தையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோதண்டராமனிடம், இந்த ஏழு நாள் இடைவெளி இவங்க கேட்டதா, நீங்க குடுத்ததா என்று கேட்டார். அது நிர்வாக நடைமுறை என்றார் அவர். நடைமுறை யாருடையது என்று சந்திரகலா மறுபடி கேட்டார். பௌர்ணமி மாதத்துக்கு ஒன்று வருகிறது, அப்படியானால் எந்த மாதம் கூட்டமில்லாத மாதம் என்று அவர் கேட்டதும் கோதண்டராமன் ஒப்பந்தங்களைத் திரும்ப அடுக்கத் தொடங்கினார்.

மார்ச்சில் உத்தரவு வந்தது. சேர்ந்த இரண்டு வருஷத்துக்குள்ளேயே, 2016 ஜூலையில் நானூற்று எண்பது நாள் நிறைந்துவிட்டது, அந்த நாள் முதல் அவர் நிரந்தரப் பணியாளர், அப்படி எழுதி ஆணை கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அந்த வரியைப் படித்தபோது குர்ஷித்துக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. எட்டு வருஷமாகத் தனக்கு இருந்த ஒன்றை வருஷா வருஷம் பிச்சை மாதிரி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். ஜானி பாஷா அந்தத் தாளை இரண்டு முறை வாங்கிப் பார்த்தார். பிறகு அவளை லாட்ஜ் வரை ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார்.

கோதண்டராமன் அவளை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். நிர்வாகம் ஹைகோர்ட் போகுதும்மா, வருஷக்கணக்கா இழுக்கும், பேசி முடிச்சுக்கலாம் என்றார்.

"போங்க சார். நோட்டெல்லாம் பத்திரமாத்தான் வெச்சிருக்கேன், அங்கயும் கொண்டாறேன். அதுவரைக்கும் என் மெஷின் எனக்கு வேணும். புதுசா போட்ட ஆளு டிரையர்ல பட்டு வேட்டியைப் போட்டு வெச்சிருக்கு."

அவர் மேசையைப் பார்த்தபடி, சலவைக்கூடத்துக்குப் போகச் சொன்னார்.

நிர்வாகம் தாக்கல் செய்த மனு இன்னும் சென்னையில் நிலுவையில் இருக்கிறது. தடை உத்தரவு எதுவும் கிடைக்கவில்லை. அந்த ஏப்ரலில் சரோஜாவும் இன்னும் பதினோரு பேரும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சலவைக்கூடத்துக்கு வந்தார்கள். அவர்கள் எல்லாரும் அந்தப் பத்தியில் கையெழுத்துப் போட்டவர்கள். அதனால் தயங்கியே நின்றார்கள். குர்ஷித் தேய்ப்பு மேசையைத் துடைத்து, வெள்ளைத் தாளை விரித்து, முதலில் சரோஜாவைக் கேட்டாள்.

"நீ சேர்ந்த தேதி சொல்லு."