பயனர் எண்ணிக்கை: ஆறு

நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் பெரிய லேப் கடலூரில் இருக்கிறது. சிதம்பரத்தில் ஒரு கிளை உண்டு. அங்கே ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து வண்டியில் கடலூருக்கு அனுப்புவார்கள். கணினி சம்பந்தப்பட்டது எல்லாம் என் பொறுப்பு.

அந்த மாதம் சிதம்பரத்தில் இரண்டு பெண்களின் தைராய்டு ரிப்போர்ட் மாறிப்போனது. அவர்கள் பார்த்த மருத்துவர் சந்தேகப்பட்டு மறுபடி எடுக்கச் சொன்னதால், மாத்திரை ஆரம்பிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. எங்கள் சாஃப்ட்வேரில் அந்தப் பதிவின் கீழே ஒரு பெயர் இருந்தது. பதினொரு வருடமாகச் சிதம்பரம் கவுண்டரைப் பார்த்துக்கொள்ளும் அக்காவின் பெயர்.

நிலையத்தின் உரிமையாளரான டாக்டர் என்னைக் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, புது சாஃப்ட்வேர் பார்க்க வேண்டும். இரண்டு, மாதக் கடைசியோடு அக்காவை நிறுத்திவிடப் போகிறார்; அக்காவிடமும் சொல்லிவிட்டார்.

"கம்ப்யூட்டரே சொல்லுதும்மா. அதுக்கு மேல நான் இன்னா விசாரிக்கிறது?"

முதல் வேலையைச் செய்ய உட்கார்ந்தேன்.

சாஃப்ட்வேர் கம்பெனிக்கு டெமோ கேட்டு எழுதுவது எனக்குப் பிடித்த வேலை. நாம் யார், என்ன செய்கிறோம், கட்டாயம் வேண்டியவை எவை, இருந்தால் நல்லது எவை, எத்தனை பேர் பயன்படுத்துவார்கள், எதை வைத்து மதிப்பெண் போடுவோம் என்று வரிசையாக எழுதினேன். பயனர் எண்ணிக்கை என்ற இடத்தில் பழைய சாஃப்ட்வேரைத் திறந்து லாகின்களை எண்ணினேன். ஆறு. அதையே போட்டேன். அனுப்பும் முன் கிளையில் ஒரு முறை சரிபார்ப்பது என் பழக்கம் என்பதால் மறுநாள் காலை பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன்.

ஏழு மணிக்கே வரிசை வாசல் வரை நின்றது. சாப்பிடாமல் வந்தவர்களின் கோபம் கவுண்டரில் தெரிந்தது. அக்கா ஒரு பக்கம் ரத்தம் எடுத்துக்கொண்டே இன்னொரு பக்கம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் குறைந்ததும் தாளைக் காட்டினேன்.

"ஆறு பேரா? சரியாப் போச்சு போ. இங்கயே நாலு பேரு என் பேருல உள்ள இருக்கோம்."

"உங்க பேர்லயா?"

"காலைல மொதல்ல வரவ நான். நான்தான் தொறப்பேன். அப்புறம் யாரு மூடி மூடித் தொறக்கிறது? கையில கிளவுஸ், எதுத்தாப்புல கூட்டம். பாஸ்வேர்டு அடிக்கச் சொன்னா ஜனங்க அடிக்க வந்துடுவாங்க."

மற்ற மூன்று பெண்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரிப்போர்ட் மாறிய நாளின் பதிவைக் கைபேசியில் எடுத்து நேரத்தைச் சொன்னேன். அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"அந்த நேரத்துக்கு நான் இங்க இல்ல. அண்ணாமலை நகர்ல ஒரு வீட்டுக்கு ரத்தம் எடுக்கப் போயிருந்தேன்."

"டாக்டர்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா, அப்ப யாருன்னு கேப்பாரு. இந்த மூணு பொண்ணுங்கள்ல ஒருத்தியக் கை காட்டணும். யாருன்னு எனக்கே தெரியாது. எப்படிக் காட்டுவேன்?"

பஸ்ஸில் திரும்பும்போது மடியிலேயே கடிதத்தைத் திருத்தினேன். கடலூர் லேப்பிலும் போனில் கேட்டு எண்ணியதில் மொத்தப் பயனர்கள் பத்தொன்பது. காலை ஏழிலிருந்து ஒன்பது வரை ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் எட்டு. ஒவ்வொருவருக்கும் தனி லாகின், கையுறையைக் கழற்றாமல் ஆள் மாற வழி, ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எந்தக் கணினியில், எத்தனை மணிக்குச் செய்தார் என்ற குறிப்பு. இவை மூன்றையும் 'கட்டாயம்' பகுதிக்கு ஏற்றினேன். நூறு மதிப்பெண்ணில் நோயாளி மாறாமல் இருப்பதற்கு முப்பத்தைந்து ஒதுக்கினேன். விலைக்குப் பத்துதான். கடைசியில் இப்படி எழுதினேன்: "ஸ்லைடு வேண்டாம். எங்கள் கவுண்டரில், எங்கள் பிரிண்டரில், இணைத்துள்ள காட்சிகளை வரிசையாகச் செய்து காட்டவும். நோயாளி விவரங்கள் அனைத்தும் கற்பனையானவை."

மூன்று கம்பெனிகளுக்கு அனுப்பினேன். ஒன்று பதிலே போடவில்லை. ஒன்று ஸ்லைடுதான் காட்டுவோம் என்றது. மூன்றாவது ஒப்புக்கொண்டது.

டெமோவைச் சிதம்பரத்தில் மதியத்துக்கு மேல் வைத்தோம். கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். டாக்டரும் கடலூரிலிருந்து வந்திருந்தார். முதல் காட்சி பழைய சாஃப்ட்வேரில், இன்றைய முறையில். நேர ஒப்பீட்டுக்காக என்று காரணம் எழுதியிருந்தேன். அது உண்மையும்தான். கவுண்டரில் யார் உட்காருவது என்ற கேள்வி வந்தபோது டாக்டரே உட்கார்ந்தார்.

"நானும் ஒரு காலத்துல டோக்கன் எழுதினவன்தான்மா."

காட்சியில் இரண்டு ஓரகத்திகள். ஒரே பெயர். வயதில் ஒரு வருட வித்தியாசம். இருவருக்கும் வீட்டு மாமனாரின் போன் எண்தான். இங்கே கவுண்டரில் யாரும் இனிஷியல் சொல்வதில்லை. பெண்கள் நோயாளிகளாக நடித்து, பின்னாலிருந்து அவசரப்படுத்தினார்கள்.

"சீக்கிரம் சார், வெறும் வயிறு. பஸ்ஸு போயிடும்."

டாக்டர் இருவரையும் கணினியில் பதிந்தார், டோக்கன் எழுதிக் குழாய்களில் ஒட்டினார், தாங்கியில் வைத்தார். நான் எடுத்துப் பார்த்தேன். மூத்தவளின் குழாயில் இளையவளின் டோக்கன் இருந்தது. திரையில் பதிவின் கீழே மாற்றமில்லாமல் அக்காவின் பெயர். காலையில் அவர்தான் திறந்திருந்தார்.

அக்கா குனிந்து பஞ்சை அடுக்க ஆரம்பித்தார். டாக்டர் இரண்டு குழாயையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"நான் செஞ்சதுக்கு உன் பேரு வருது."

"தெனமும் வர்றதுதான் சார்" என்றார் அக்கா.

பிறகு புது சாஃப்ட்வேர். ஐடி கார்டை ஸ்கேன் செய்து நாலு இலக்கம் அழுத்தினால் ஆள் மாறியது. கையுறையோடு முடிந்தது. இரண்டாவது ஓரகத்தியைப் பதியும்போதே, இதே பெயரும் எண்ணும் ஏற்கனவே இருக்கின்றன என்று நிறுத்திப் பிறந்த தேதி கேட்டது. வேண்டுமென்றே குழாயை மாற்றி ஸ்கேன் செய்தேன். சிவப்புக் கட்டம் வந்து மேலே போக விடவில்லை. இணையத்தைப் பிடுங்கினோம். பதிவு நிற்கவில்லை, திரும்பி வந்ததும் தானாகச் சேர்ந்துகொண்டது. ஆனால் இணையம் வரும் வரை ரிப்போர்ட் அச்சாகவில்லை. அதற்கு நான்கு மதிப்பெண் குறைத்தேன். கம்பெனிக்காரர் முகம் கொஞ்சம் வாடியது. டாக்டர் கவனிக்கவில்லை. யார், எப்போது என்ற குறிப்பை மேலும் கீழும் நகர்த்திப் படித்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது கார் கதவைப் பிடித்தபடி அக்காவைக் கூப்பிட்டார்.

"அன்னிக்கு நீ எங்க இருந்தே?"

"அண்ணாமலை நகர்ல சார். வீட்டு விசிட் நோட்டுல கையெழுத்து இருக்கு."

"நோட்டக் காட்ட வேணாம். மாசக் கடைசின்னு சொன்னேன்ல, அத விட்டுடு. புதுசு வர்ற வரைக்கும் இவளுங்க மூணு பேருக்கும் தனி லாகின் போட்டுக் குடும்மா" என்று கடைசியை என்னிடம் சொன்னார்.

கார் திரும்பி மறைந்ததும் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். நான் வந்ததிலிருந்து அவர் உட்கார்ந்து பார்க்கவில்லை. ஒரு பெண் டீ வாங்கி வந்தாள்.

மறுவாரம் ஐடி கார்டுக்காக எல்லாரிடமும் படம் கேட்டேன். பதினெட்டுப் படம் வந்தது. அக்காவுடையது மட்டும் வரவில்லை. போன் செய்தேன்.

"இரு, அவசரப்படாத. நீலப் புடவையா, பச்சையான்னு பாத்துக்கினு இருக்கேன். இத்தினி வருஷம் கழிச்சு என் பேர நான் மட்டும் வச்சுக்கப் போறேன், நல்லா இருக்க வேணாமா?"

நீலத்தில் அனுப்பினார். பத்தொன்பதாவது வரியில் டிக் போட்டுவிட்டு, அன்று நேரத்தோடு வீட்டுக்குப் போனேன்.