இடத்துக் கன்றுக்கு ஒரு தொட்டி

ஆனேக்கல் பக்கம் எங்கள் தெருவில் உழவுக்கு டிராக்டர் வந்த பிறகு, மாடு காளைக் கன்று போட்டால் துக்கம் விசாரிக்கிற மாதிரிதான் விசாரிப்பார்கள். "காளையா? போச்சு போ!" பால் சொசைட்டிக்குப் போக வேண்டும், காளைக்கு யார் ஊட்டுவது? அப்படி இரண்டு வீட்டார் வேண்டாமென்று தள்ளிய நாட்டுக் கன்றுகளை என் கணவர் கொண்டுவந்தார். எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி கேப் ஓட்டுகிற மனிதர். இரண்டும் ஒரே மாதத்தில் பிறந்தவை, ஒரே சாம்பல் நிறம். ஜோடியாக வளர்த்து, இரண்டு வயது தாண்டி இரண்டு பல் போட்டதும் ஏர் மாடாக விற்பது அவர் திட்டம். சாணி அள்ளுவது மட்டும் எப்படியோ என் பங்குக்கு வந்துவிட்டது.

மூன்று மாதம் வரை அந்த வீடுகளிலேயே பால் வாங்கிப் புட்டியில் ஊட்டினேன். நடுவிலேயே புல்லைக் கடிக்கப் பழக்கினேன். மாதாமாதம் பூச்சி மருந்து கொடுத்தோம். பிறகு ராகித் தாள், பச்சைச் சோளத் தட்டை, வேகவைத்த கொள்ளு, தவிடு, கடலைப் பிண்ணாக்கு, ஒரு பிடி தாது உப்பு. தீனியில் நான் குறை வைக்கவில்லை.

தொட்டிதான் வம்பு. உழவு ஜோடி சின்னதிலிருந்தே ஒரே தொட்டியில் தின்ன வேண்டும் என்பது என் கணவர் வீட்டுப் பழக்கம். நுகத்தில் எது வலத்து மாடு, எது இடத்து மாடு என்று முதல் நாளே முடிவு செய்து, அந்தந்தப் பக்கத்திலேயே கட்டுவார்கள். எங்கள் வலத்தது பெரிய ராட்சசன். தன் பங்கை முழுங்கிவிட்டு இடத்தது பக்கம் தலையைப் போட்டுத் தள்ளும். இடத்தது தாளை மட்டும் மென்று வயிறு உப்பி, விலா எலும்பு தெரிய நின்றது.

"வயித்துல பூச்சிதான்," என்றார் அவர்.

"பூச்சி வயித்துல இல்ல, பக்கத்துல நிக்குது! தொட்டியைப் பிரிங்க."

"தொட்டியைப் பிரிச்சா ஜோடி பிரிஞ்சிடும். உனக்குத் தெரியாது."

அவர் டியூட்டிக்குப் போனதும் பிரித்துக் கட்டிப் பார்த்தேன். இரண்டும் கத்தித் தெருவையே கூட்டிவிட்டன. போங்கடா என்று விட்டுவிட்டேன்.

வயது வந்ததும் இரண்டையும் சந்தைக்கு ஓட்டிப்போனோம். அங்கே ஓசூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் மாடுகளின் வாயைத் திறந்து பார்த்தார். வலத்ததுக்கு இரண்டு பல் வந்திருந்தது. இடத்ததுக்குப் பால் பல்லே விழவில்லை. உயரத்திலும் நன்றாகத் தெரிகிற வித்தியாசம்.

"நுகம் வச்சா இந்தப் பக்கம் சாஞ்சிடும்ணா. பாரமெல்லாம் சின்னது கழுத்துலதான். எங்கிட்ட இடத்து மாடு ஒண்ணு இருக்கு. வலத்தது மட்டும் குடுங்க."

கொடுத்தோம். ஒற்றை மாட்டை உழவுக்கு யார் கேட்பார்கள்? லாரி வியாபாரி ஒருவர் ஏற்கெனவே சின்னதின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த லாரி எங்கே போகும் என்று சந்தையில் யாரும் கேட்பதில்லை. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"இதை லாரியில ஏத்தினா நான் வீட்டுக்கு வரமாட்டேன்."

"ஒத்தை மாட்டை வச்சிக்கிட்டு என்னடி பண்ணுவ?"

"வச்சிக்கிட்டு அழறேன், உங்களுக்கென்ன?"

வீட்டுக்கு வந்து தொட்டி நிறையக் கொள்ளு போட்டேன். தன் பாதியைத் தின்றது. வலது பாதியைத் தொடவில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டேன், அப்போதும் தொடவில்லை. அந்தத் தொட்டியை ஓரங்கட்டிவிட்டு ஒரு நீல பிளாஸ்டிக் தொட்டி வாங்கி வைத்தேன். அதில் ஒரு பொட்டு மிச்சம் வைக்காது. உடம்பு பிடித்தது, திமில் எழுந்தது. பல்லும் போட்டது. மாட்டு ஆஸ்பத்திரியில் காயடித்து, உழவுக்காக மரக்கட்டையை இழுக்கப் பழக்கினோம். என் கணவர் தொட்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை, நானும் குத்திக்காட்டவில்லை. சரி, கொஞ்சம் குத்திக்காட்டினேன்.

அடுத்த வருடம் உழவுக்கு முன்னால் அதே விவசாயி டெம்போவோடு வாசலில் வந்து நின்றார். அவருடைய இடத்து மாடு பாம்பு கடித்துச் செத்துவிட்டதாம். எங்கள் மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். உயரம் இப்போது ஏறக்குறைய சரி. பழைய ஜோடியே சேரப்போகிறது என்று அவருக்குச் சந்தோஷம். எனக்கோ அந்த ஒரே தொட்டிதான் நினைவுக்கு வந்தது.

"தீனிக்குத் தனித் தொட்டி வைக்கணும்ணா," என்றேன்.

அவர் சிரித்தார். "எங்க பக்கம் ஜோடிக்கு ஒரே தொட்டிதாம்மா. பிரிச்சா ஒத்துமை போயிடும்."

"அப்ப மாடு இல்ல. போயிட்டு வாங்க."

அவர் உதவிக்கு என் கணவரைப் பார்த்தார். இவர் கொட்டகைக்குள் போனார். மாட்டைத்தான் அவிழ்க்கப் போகிறார் என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவரோ நீலத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, விவசாயியின் டெம்போவில் முதலில் அதை ஏற்றினார்.

"இதுல போட்டாத்தாண்ணா அது வயிறாரத் தின்னும்," என்றார்.