மாதிரி பயோடேட்டா

"மேடம், கோர்ஸ் முடிஞ்சா வேலை வாங்கித் தருவீங்களா, இல்ல சர்டிபிகேட்டைக் குடுத்துக் கைகழுவிடுவீங்களா?"

தையல் பயிற்சிக்கு வரும் அக்காவின் மெசேஜ், பயிற்சி மையத்தின் ஒருங்கிணைப்பாளருக்குச் சுருக்கென்று தைத்தது. அவளும் இதே மெஷினில் பழகி, இந்த மையத்திலேயே வேலைக்கு ஒட்டிக்கொண்டவள்தான்.

"பயோடேட்டா எழுத உதவுவோம்க்கா, இன்டர்வியூவுக்கு அனுப்புவோம். சேர்ந்தப்புறம் மூணு மாசம் போன் பண்ணி விசாரிப்போம். வேலைக்கு எடுக்கிறது கம்பெனி கையில," என்று தட்டினாள்.

"சரி, மாதிரிக்கு ஒண்ணு அனுப்புங்க. உங்களுக்கென்ன, படிச்ச எடத்துலயே வேலை."

இந்த பேட்ச் முடிந்தால் அவளுடைய வேலை ஒப்பந்தமும் முடிகிறது. சொல்லி என்ன ஆகப்போகிறது? கம்ப்யூட்டரில் தேடினாள். நேற்று தனக்காகத் தயாரித்த பயோடேட்டாதான் அகப்பட்டது. பெயரை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினாள்.