லாவண்யா அழித்த பத்தி

ஷோபனா ஆவடியில் டிஃபன்ஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஃபேக்டரி வேலைக்கு வந்தவர். எதிர்வீட்டில் மதுரைக்காரர்கள், மாடியில் சேலத்துக்காரர்கள். பிள்ளைகள் விளையாடும்போது ஒருவர் பேச்சை ஒருவர் கேலி செய்வார்கள். அந்தக் கேலிக்குப் பிடி கொடுக்கக் கூடாது என்று ஷோபனா பத்து வயதிலேயே புத்தகத் தமிழுக்கு மாறிக்கொண்டார். பின்னாளில் அதுவே பிழைப்பாகவும் ஆனது. பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தனியார் கலைக் கல்லூரியில் பதினாறு வருடமாகத் தமிழ் உதவிப் பேராசிரியர். ஒற்றெழுத்து விட்டுப்போனால் விடமாட்டார், வகுப்பில் கொச்சை பேசினால் திருத்தாமல் நகரமாட்டார் என்று பெயர். அதில் அவருக்குப் பெருமை உண்டு.

சென்ற ஆகஸ்டில் பி.காம். இரண்டாம் ஆண்டுக்கு ‘நான் வளர்ந்த இடம்’ என்று கட்டுரை கொடுத்தார். அக மதிப்பெண் இருபது. நல்ல கட்டுரை ஒன்றைக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கும் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். டைப் செய்து பி.டி.எஃப். ஆக்கி அனுப்ப வேண்டும்.

அறுபத்திரண்டு கட்டுரைகளில் லாவண்யாவுடையது தனியாகத் தெரிந்தது. செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றியது. ‘எமது இல்லம் ஏரிக்கரைக்கு அண்மையில் அமைந்துள்ளது’ என்று தொடங்கியது. ஒரு பிழைகூட இல்லை. எல்லா வாக்கியமும் தேய்த்து மடித்த சட்டை மாதிரி இருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்க்கிற பெண் இதை எழுதியிருப்பாள் என்று ஷோபனாவால் நம்ப முடியவில்லை.

கட்டுரையைக் காப்பி செய்து, ஏ.ஐ. எழுதியதா என்று சொல்லும் இணையதளம் ஒன்றில் ஒட்டினார். எண்பத்தேழு சதவீதம் என்று சிவப்பில் வந்தது. அந்தத் தளம் எதை வைத்து அப்படிச் சொல்கிறது, தமிழ் அதற்கு எவ்வளவு தெரியும் என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை. தான் நினைத்ததையே அதுவும் சொன்னது. அது போதுமாக இருந்தது.

மறுநாள் வகுப்பில் கட்டுரையின் முதல் பத்தியைச் சத்தமாக வாசித்தார்.

“லாவண்யா, அண்மைன்னா என்ன?”

“பக்கத்துல மேடம்.”

“இது யார் எழுதினது?”

“நான்தான் மேடம்.”

“நீயா, உன் போனா?”

வகுப்பு சிரித்தது. ஷோபனா அந்தச் சிரிப்பை நிறுத்தவில்லை. பூஜ்யம் போட்டிருப்பதாகவும், அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றும் சொன்னார்.

வகுப்பு முடிந்ததும் லாவண்யா துறை அறை வாசலில் வந்து நின்றாள். “மேடம், நான் கூகுள் டாக்ஸ்லதான் டைப் பண்ணேன். அதுல வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கு. எப்ப எப்ப எது எழுதுனேன்னு காட்டும்” என்றாள். அவள் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி ஷோபனா கேட்டதில்லை.

துறைத்தலைவர் சுப்பராயன் நிமிர்ந்து பார்த்தார். “பாத்துடலாமே. வெள்ளிக்கிழமை லேப்ல செல்வகுமாரை இருக்கச் சொல்றேன்” என்றார்.

வெள்ளிக்கிழமை லாவண்யாவின் அம்மா நாகம்மா வந்திருந்தார். செம்பரம்பாக்கத்தில் ஒரு குடோனில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் வேலை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, சீருடைக் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்தபடி நின்றார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. ஷோபனாவைப் பார்த்ததும் கை கூப்பினார்.

“தெரியாம செஞ்சிட்டா மேடம். இந்த ஒரு தபா மன்னிச்சிருங்க.”

“அம்மா, நான் எதுவும் செய்யல. சும்மா இரும்மா” என்றாள் லாவண்யா.

“நீ சும்மா இரு. படிச்சவங்க சொன்னா காரணம் இருக்கும்.”

ஷோபனா அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டார். “பாத்துட்டு பேசலாம்” என்று மட்டும் சொன்னார்.

கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளர் செல்வகுமார் ஒரு கணினியைத் திறந்து வைத்தார். சுப்பராயன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். போனில் அந்தப் பட்டியலை விவரமாகப் பார்க்க முடியாது, கணினியில் பார்ப்பதுதான் சரி என்றார். சமர்ப்பித்த பி.டி.எஃப்.பில் எந்தப் பழைய கதையும் இருக்காது, மூல ஆவணம்தான் வேண்டும் என்றார். லாவண்யா தன் கணக்கில் உள்ளே நுழைந்து, கட்டுரையைத் திறந்துவிட்டு, மௌஸிலிருந்து கையை எடுத்தாள்.

“சார், தேதி மட்டும் பாத்தா போதாதா?”

“ஏன்?” என்றார் ஷோபனா.

“உள்ள பழசெல்லாம் இருக்கு மேடம். அழிச்சதெல்லாம்.”

“மறைக்க ஒன்னும் இல்லேன்னா பயம் எதுக்கு?”

லாவண்யா நகர்ந்து அம்மா பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

செல்வகுமார் ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்தார். வலப்பக்கம் ஒரு பட்டியல் விரிந்தது. ஆகஸ்ட் நான்கிலிருந்து பதினான்கு வரை, தேதியும் நேரமுமாக இருபத்தாறு பதிவுகள். எல்லாவற்றின் கீழும் லாவண்யா பெயர் மட்டும்.

“வேற யாருக்கும் எடிட் பண்ண அனுமதி கொடுக்கல போல. இவங்க கணக்குலேர்ந்துதான் எல்லா மாற்றமும் நடந்திருக்கு” என்றார் செல்வகுமார். “ஒவ்வொரு எழுத்தா இது காட்டாது சார். கொஞ்ச நேர வேலைய ஒண்ணாச் சேத்துக் காட்டும். ஆனா எங்கேயிருந்தாவது காப்பி பண்ணி ஒட்டியிருந்தா, ரெண்டு பக்கமும் ஒரே பதிவுல மொத்தமா வந்து விழுந்திருக்கும். இங்க பாருங்க, மொத நாள் நாலு வரி. மறுநாள் ரெண்டு வரி சேத்து ஒண்ண அழிச்சிருக்கு.”

“வேற திரையப் பாத்து டைப் பண்ணியிருக்கலாமே?” என்றார் ஷோபனா.

“பண்ணலாம் மேடம். அதை இது தடுக்காது. ஆனா பாத்து அடிக்கிறவங்க மேலேர்ந்து கீழ நேரா அடிச்சிட்டுப் போவாங்க. இவ்வளவு தடுமாற மாட்டாங்க. மொத பதிவைப் பாருங்களேன்.”

அவர் பட்டியலில் கீழே இருந்த பழைய பதிவைச் சொடுக்கினார். திரையில் நான்கு வரி வந்தது. செல்வகுமார் நாகம்மாவுக்காகச் சத்தமாக வாசித்தார்.

“எங்க ஊடு ஏரிக்கரை ஓரமா கீது. மழ வந்தா எங்கம்மா தூங்காது. மதகு தொறந்துட்டாங்களான்னு வாசல்ல நின்னுகினே இருக்கும். நான் தூங்கிடுவேன், ஏன்னா எங்கம்மா முழிச்சிகினு கீதுன்னு எனக்குத் தெரியும்.”

நாகம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார். “இத்த எழுதினியா?” என்றார் மெதுவாக.

ஷோபனா அந்த வரிகளைத் திரும்பப் படித்தார். பதினாறு வருடத்தில் மாணவர்கள் எழுதி இப்படி நான்கு வரி அவர் படித்ததில்லை.

செல்வகுமார் அடுத்தடுத்த பதிவுகளைச் சொடுக்கினார். மாற்றங்களைக் காட்டும் பெட்டியில் டிக் இருந்ததால், புதிதாகச் சேர்த்தது நிறத்திலும், நீக்கியது நடுவில் கோடு விழுந்தும் தெரிந்தது. ‘ஊடு’ மேல் கோடு, பக்கத்தில் ‘வீடு’. இரண்டு நாள் கழித்து ‘வீடு’ மேல் கோடு, பக்கத்தில் ‘இல்லம்’. ‘ஓரமா கீது’ போய் ‘அருகில் உள்ளது’ வந்து, அதுவும் போய் ‘அண்மையில் அமைந்துள்ளது’ ஆனது. அம்மா வாசலில் நின்ற வரி ஆறாம் தேதி இருந்தது, எட்டாம் தேதி இல்லை.

ஒன்பதாம் தேதிப் பதிவில் ஒரு முழுப் பத்தி எழுதப்பட்டு, அடுத்த பதிவிலேயே முழுவதுமாக அழிக்கப்பட்டிருந்தது. செல்வகுமார் வாசித்த வேகத்தில் அதையும் தொடங்கிவிட்டார்.

“காலேஜ் சேந்த மொத வாரம் தமிழ் மேடம் ஊடு எங்கன்னு கேட்டாங்க. நான் எங்க ஊடு செம்பரம்பாக்கத்துல கீதுன்னேன். அவங்க ஊடுன்னா எந்த நாட்டு பாஷைன்னு கேட்டாங்க. எல்லாரும்…”

அதோடு நிறுத்திவிட்டார். மீதி திரையில் இருந்தது. சுப்பராயனும் ஷோபனாவும் அதைப் படித்தார்கள். ‘எல்லாரும் சிரிச்சாங்க. அன்னிலேர்ந்து நான் கிளாஸ்ல பேசறதில்ல. இந்தக் கட்டுரைய அவங்க திருத்தற மாதிரி இல்லாம எழுதணும்.’

ஷோபனாவுக்கு அந்த நாள் நினைவில்லை. அப்படி எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறார். ஆனால் அது தன் வாக்கியம்தான் என்பதில் சந்தேகமில்லை. பிழையே இல்லாமல் எழுது என்று அந்தப் பெண்ணை விரட்டியதும் தான், பிழையே இல்லை என்று அவளைப் பிடித்ததும் தான்.

சுப்பராயன் தொண்டையைச் செருமினார். “சரி, தெளிவாயிடுச்சு. மார்க்கைப் போட்டுடுங்க மேடம்” என்று எழுந்து போனார்.

ஷோபனா நாகம்மாவைப் பார்த்தார். “நான்தான் தப்பா நினைச்சுட்டேன். உங்களை வேலையை விட்டு வரவெச்சுட்டேன். மன்னிச்சுக்கங்க.”

நாகம்மா பதறிப்போனார். “ஐயோ, நீங்க எதுக்கு மேடம். அவ பேசறது அப்படித்தான். ஊட்ல நாங்கல்லாம் அப்படித்தான் பேசுவோம். நீங்க சொல்லிக் குடுத்துதான இவ்ளோ நல்லா எழுதிக்கீறா.”

திட்டியிருந்தால் ஷோபனா தாங்கியிருப்பார். லாவண்யா கணக்கிலிருந்து வெளியேறி, அம்மாவின் கையிலிருந்த கோட்டை வாங்கிக்கொண்டு, நடந்தாள்.

திங்கட்கிழமை வகுப்பில் ஷோபனா எழுந்து நின்று, லாவண்யாவின் கட்டுரை அவளே எழுதியது, தான் எல்லார் முன்னாலும் அவளை அவமானப்படுத்தியது தவறு என்றார். முன்னாலிருந்த சிலர் குனிந்துகொண்டார்கள். லாவண்யா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் அவளைக் கூப்பிட்டார். “பதினெட்டு போட்டிருக்கேன். போட்டிக்கு அந்த முதல்ல எழுதினதை அனுப்பலாமா? அம்மாவைப் பத்தினது. அதுதான் உண்மையில நல்ல எழுத்து. அந்தப் பழைய வெர்ஷனை நீ ரீஸ்டோர் பண்ணாப் போதும்.”

“வேணாம் மேடம்.”

“ஏன்மா?”

“அது நான் உங்களுக்குக் காட்ட எழுதினது இல்ல. நீங்களா பாத்தீங்க.” அவள் கோபமாகச் சொல்லவில்லை. “போட்டிக்கு வேற யாரையாச்சும் அனுப்புங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று மாலை ஸ்டாஃப் ரூமில் தனியாக இருந்தபோது, இரண்டு வருடம் முன்பு இதேபோல் பூஜ்யம் போட்ட கிரண் என்ற பையன் ஷோபனாவின் நினைவுக்கு வந்தான். அதே இணையதளம்தான், தொண்ணூறோ என்னவோ காட்டியது. அவன் வெர்ஷன் ஹிஸ்டரி என்று எதையும் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டுப் போனான். இப்போது படிப்பு முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலையில் இருப்பதாகக் கேள்வி. பழைய பட்டியலில் நம்பரைத் தேடி அழைத்தார்.

எடுத்தான். பின்னால் மெஷின் சத்தம்.

“கிரண், நான் ஷோபனா மேடம். ரெண்டு வருஷம் முன்னாடி உன் கட்டுரைக்கு நான் மார்க் போடல. அதை நீதான் எழுதினியா?”

மெஷின் சத்தம் தள்ளிப் போனது.

“ஆமா மேடம். நோட்ல எழுதிட்டு, ஃபிரெண்டு லேப்டாப்ல அடிச்சேன்.”

“ஏன் அப்பவே சொல்லல?”

“சொன்னேன் மேடம். நீங்க உட்காரச் சொன்னீங்க.”

ஷோபனா மன்னிப்புக் கேட்டார். அவன் பரவாயில்லை என்றான், ஷிப்ட்டில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டான். அவர் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, பழைய மதிப்பெண் பதிவேட்டைத் திறந்து, பூஜ்யம் போட்ட மற்ற பெயர்களைத் தேட ஆரம்பித்தார். நான்கு பேர் இருந்தார்கள்.