மோகனா எடுத்த அந்தி நேரப் படம்

எங்கள் மலை டவுன் கம்போங் ராஜாவில் மோகனாவைத் தெரியாதவர் ஊருக்குப் புதியவராகத்தான் இருக்க வேண்டும். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று எங்கள் எல்லார் வீட்டு ஆல்பத்திலும் அவள் கைவண்ணம் உண்டு. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து, ஒரு பழைய கேமராவோடு டவுனுக்கு வந்து, சொந்தமாக ஸ்டூடியோ வைத்தவள். நாற்பதைத் தாண்டிவிட்டாள், இன்னும் நடையில்லை, ஓட்டம்தான்.

கெட்டிக்காரி. ஆனால் கெட்ட செய்தியை நேராகச் சொல்ல அவளுக்கு வாய் வராது. மாப்பிள்ளை கண்ணை மூடிய படத்தைக்கூட, "சாமி கும்பிடுற மாதிரி எவ்ளோ பாந்தமா இருக்காரு பாருங்க" என்று சொல்லித் தலையில் கட்டிவிடுவாள். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். பக்கத்து ஊர் கோலா தெர்லாவில் அன்றைக்கு நடந்ததைக் கேட்ட பிறகு யாரும் சிரிப்பதில்லை.

எல்லார் கையிலும் கேமரா போன் வந்ததும் கல்யாண வேலை குறைந்துபோனது. மோகனா விற்பனைக்கு வரும் வீடுகளைப் படமெடுக்கத் தொடங்கினாள். வீடு விற்றுத் தரும் ஏஜென்ட் சசிதரனுக்குப் பகல் படம் போதாது. "அந்தி படம் வேணும்லா மோகனா. சன்னல் எல்லாம் மஞ்சளா, வானம் கருநீலமா. அதைப் பாத்ததும் கே.எல். பட்டணத்துக்காரன் போனை எடுத்துடுவான்" என்பான்.

சொல்வது சுலபம். சூரியன் இறங்கிய பிறகு, வானத்து வெளிச்சமும் வீட்டு விளக்கும் சரிக்குச் சரியாக நிற்பது கொஞ்ச நேரம்தான். அதற்கு முன்னால் எடுத்தால் சன்னல் செத்துக் கிடக்கும். பின்னால் எடுத்தால் வானம் மசியாகிவிடும். அதனால் மோகனா கேமராவை முக்காலியில் இறுக்கிப் பூட்டி, வெளிச்சம் இருக்கும்போதே ஆரம்பித்து, இருட்டும் வரை ஒரே இடத்திலிருந்து எடுத்துக்கொண்டே இருப்பாள். சுவருக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று, சன்னலுக்கு ஒன்று. பிறகு கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஒரே படமாக்க வேண்டும். நடுவில் கேமரா ஒரு மயிரிழை அசைந்தாலும் எல்லாம் பாழ்.

கோலா தெர்லாவில் பசுபதி ஆசிரியரின் வீடு தேயிலைச் சரிவை ஒட்டி இருந்தது. குவாந்தானுக்கு மாற்றல் வந்துவிட்டதால் விற்கிறார். வீட்டில் அவர், மனைவி ருக்குமணி, ஐந்தாம் பாரம் படிக்கும் மகள் ஷர்மினி, மூன்று பேர். வாரம் முழுக்கக் கொட்டிய மழை அன்று மாலைதான் விட்டது. பனியும் இறங்கவில்லை. மலையில் இப்படி ஒரு வானம் அமைவது அபூர்வம். மோகனா அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

வந்ததும் ஆளுக்கொரு வேலை கொடுத்தாள். குப்பைத் தொட்டி வீட்டுக்குப் பின்னால் போனது. துணிக்கொடி அவிழ்ந்தது. கார் ரோட்டுக்குப் போனது. முன் அறையில் எரிந்த வெள்ளைக் குழல் விளக்கை அணைத்துவிட்டு, பையில் கொண்டுவந்திருந்த மஞ்சள் பல்புகளை மாட்டினாள். திரைச்சீலைகளை ஒதுக்கினாள். ருக்குமணி சாமி விளக்கை ஏற்றினார். மகாலட்சுமி வருகிற நேரம் என்று முன்கதவைத் திறந்து வைத்து, வந்தவள் அந்தப் பக்கமாகப் போய்விடக் கூடாது என்று பின்கதவைச் சாத்தித் தாழ் போட்டார். எல்லாரும் செய்வதுதான். ஆனால் அந்தக் கதவைச் சாத்தியதால் பின்னால் நடப்பதை யாரும் பார்க்கவில்லை.

"அக்கா, மூணு பேரும் பின்னாடி ரூம்ல இருங்க. முன்னால நடமாடுனா சன்னல்ல நிழல் விழும்" என்றாள் மோகனா.

"எவ்ளோ நேரம் மோகனா? இடியாப்பத்துக்கு மாவு பிசஞ்சு வச்சிருக்கேன்."

"கொஞ்ச நேரம்தான்க்கா. வானம் கறுத்துட்டா நானே கூப்புடுறேன்."

கேட்டுக்கு வெளியே, ரோட்டோரத்தில் முக்காலியை ஊன்றினாள். படம் ஒவ்வொன்றாக விழுந்தது. வானம் சாம்பலிலிருந்து நீலத்துக்கு இறங்கியது. ஈரச் சிமெண்டுத் தரையில் சன்னல் வெளிச்சம் மஞ்சளாய்ப் படிந்தது. கூரைக்கு மேலே சரிவில் தேயிலை வரிசைகள், அதன் நடுவே தோட்டத்து ரோட்டு லைட்டுக் கம்பம் ஒன்று. பொட்டு வைத்த மாதிரி அதுவும் படத்தில் அழகாகவே விழுந்தது. இதுவரை எடுத்ததிலேயே இதுதான் நல்ல படம் என்று அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது.

முக்காலி அசைந்திருக்கிறதா என்று பார்ப்பது அவள் வழக்கம். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் கேமராத் திரையில் மாற்றி மாற்றிப் புரட்டினாள். ஏதோ நகர்ந்தது.

'ஈர மண்ணு, முக்காலி இறங்கிடுச்சு' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பெரிதாக்கிப் பார்த்தாள். கேட் அதே இடத்தில். கூரை முகடு அதே இடத்தில். சன்னல் விளிம்புகள் கத்தியால் வெட்டியது போல ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. கேமரா அசைந்திருந்தால் எல்லாம் சேர்ந்து அசைந்திருக்க வேண்டும். அசைந்தது லைட்டுக் கம்பம் மட்டும். முதல் படத்தில் கூரைப் புகைபோக்கிக்கு வலப்பக்கம் இருந்த விளக்கு, இப்போது இடப்பக்கம், கீழே. அதைச் சுற்றியிருந்த தேயிலை வரிசையும் வளைந்து இறங்கியிருந்தது.

பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறு வந்த வருடம், சன்னல் வரை மண் நிறைந்த வீடுகளை அவள் போய்ப் பார்த்திருக்கிறாள். நிமிர்ந்து பார்த்தாள். வெறுங்கண்ணுக்கு மலை சும்மா நிற்பது போலத்தான் இருந்தது. வீட்டோரக் கால்வாயில் மட்டும் தண்ணீர் டீ நிறத்தில் ஓடியது. வந்தபோது தெளிவாக ஓடியது.

செருப்பு சறுக்க வாசலுக்கு ஓடினாள். கத்த வாயைத் திறந்தாள். சாமி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கு வைத்த வீட்டில், அதுவும் நல்ல விலைக்குப் போக வேண்டும் என்று இருக்கிற வீட்டில், 'மண் சரியுது' என்று எப்படிச் சொல்வது? அவள் நாக்கு பழகிய வழியிலேயே போனது.

"சார், அக்கா, எல்லாரும் வெளிய வாங்களேன்! வீட்டு முன்னால குடும்பமா ஒரு படம் எடுத்துரலாம். கையோட வாங்க!"

பசுபதி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே வந்தார். ஷர்மினி போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ருக்குமணியின் குரல் மட்டும் வந்தது.

"அடோய், இந்த நைட்டியோடவா? இரு, சேலை மாத்திட்டு வந்துர்றேன்."

பின் அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

செய்த தப்பு மோகனாவுக்கு உறைத்தது. குடும்பப் படம் என்றால் எந்தப் பெண்மணி நைட்டியோடு வந்து நிற்பார்? எத்தனை கல்யாண வீட்டில் இதற்காகக் காத்துக் கிடந்திருக்கிறாள்! தெரிந்தும் தானே அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாளே.

"சார்," என்று சரிவைக் காட்டினாள். "அந்தக் கம்பத்தைப் பாருங்க."

"அது போன வருசத்துலேருந்து சாஞ்சுதான் இருக்கு. படத்துல வேணாம்னா அழிச்சுட மாட்டீங்களா?"

மோகனா அவர் கையைப் பிடித்துக் கேமராவுக்கு இழுத்துப் போனாள். முதல் படம், கடைசிப் படம், முதல் படம், கடைசிப் படம். பசுபதி இரண்டு தரம் பார்த்தார். மூன்றாம் தரம் பார்க்கவில்லை. ஷர்மினியை ரோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, "ருக்கு!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினார். மோகனாவும் பின்னாலேயே ஓடினாள்.

அறைக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பசுபதி தட்டினார்.

"ருக்கு, வெளிய வா, சீக்கிரம்!"

"வர்றேன்லா, கொசுவத்துக்குப் பின் குத்திட்டு இருக்கேன். இன்னிக்கி மட்டும் என்ன அவசரம்? வருசம் பூரா என்னைய ஒரு படம் எடுத்ததுண்டா?"

சுவருக்குள்ளே ஏதோ பல்லைக் கடிப்பது போல நறநறவென்றது. மேலேயிருந்து பொடி உதிர்ந்தது. மோகனா இரண்டு கையாலும் கதவை அறைந்தாள்.

"மண்ணு வருதுக்கா! மலை சரியுது! செத்துருவீங்க, வெளிய வாங்க!"

கதவு படாரென்று திறந்தது. ஒரு கையில் கொசுவம், இன்னொரு கையில் பின். முகத்தில் பாதிப் பவுடர். ருக்குமணியின் கண்ணில் நெருப்புப் பறந்தது.

"விளக்கு வச்ச நேரத்துல என் வீட்ல நின்னு என்ன பேச்சுடி பேசுற?"

பேச நேரமில்லை. பசுபதி ஒரு தோளையும் மோகனா ஒரு தோளையும் பிடித்து இழுத்தார்கள். முந்தானை வாசல்படியில் மாட்டிக் கிழிந்தது. கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, ஷர்மினி நின்ற இடத்துக்கு வந்து விழுந்தார்கள்.

லோரி கல் கொட்டுவது போல ஒரு சத்தம். ஆனால் லோரி கொட்டினால் சத்தம் ஓய்ந்துவிடும். இது ஓயவில்லை. கம்பத்து விளக்கு ஒருமுறை ஊசலாடிவிட்டு இருட்டுக்குள் போனது. வீட்டின் பின்பக்கம் மடங்கியது. சன்னல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் அணைந்தன. வானம் மட்டும் இன்னும் அதே நீலத்தில் இருந்தது.

பிறகு பக்கத்துப் பண்ணையிலிருந்து ஆட்கள் டார்ச்சோடு ஓடிவந்தார்கள். அந்த வெளிச்சத்தில் பார்த்தபோது முன் அறையும் திறந்த வாசலும் அப்படியே இருந்தன. அடுப்படி இல்லை. பின் அறை இருந்த இடத்தில் தேயிலைச் செடிகள் வேரோடு நின்றன. யாரோ பொம்பா தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டு, வீடு சரிந்துவிட்டது, உள்ளே யாரும் இல்லை என்று சொன்னார். 'உள்ளே யாரும் இல்லை' என்பதைக் கேட்டதும் ஷர்மினி ஓவென்று அழுதாள்.

ருக்குமணி அழவில்லை. கொசுவத்தைப் பிடித்த கையை இன்னும் விடாமல் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு மோகனாவைப் பார்த்தார். கோபம் போய்விட்டிருந்தது.

"மண்ணுன்னு முதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நைட்டியோடயே ஓடி வந்திருப்பேனே தங்கச்சி."

மூன்று பேரையும் அந்த அறைக்குள் போய் இருக்கச் சொன்னவள் தான்தான் என்பது அப்போதுதான் மோகனாவின் நெஞ்சில் இறங்கியது. ருக்குமணியின் காலடியில் உட்கார்ந்து, கிழிந்த முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பொம்பா வந்த பிறகும் விடவில்லை.