ஐந்தே காலும் ஐந்தரையும்

நான் பிறந்தது சித்திரை மாதத்தில் ஒரு மாலை ஐந்தே கால் மணிக்கு. ஆஸ்பத்திரிச் சீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. என் கல்யாணத்துக்காக அது ஐந்தரை ஆனது. ஆக்கியது நான்தான்.

அம்மா மேல் பழி போட எனக்கு ஆசைதான், ஆனால் முடியாது. அப்பா இல்லாத வீடு. மூன்று வரன்கள் செவ்வாய் தோஷம் என்று சொல்லித் தட்டிப் போயிருந்தன. கடைசி வரன் புளியங்குடிக்காரர்கள், ஜாதகத்தைத் தபாலில் திருப்பி அனுப்பினார்கள், அதுவும் உறையை ஒட்டாமல். அந்த எரிச்சலோடுதான் ஜாதகம் அச்சடிக்கும் கம்ப்யூட்டர் கடையில் போய் உட்கார்ந்தோம். கடைக்காரர் பிறந்த நேரம் கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "அஞ்சு முப்பது" என்று நானே சொன்னேன். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என் வாயிலேயே ஒன்று போட வேண்டும் போலிருக்கும்.

கால் மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். பிறக்கும் நேரத்தில் கிழக்கே எந்த ராசி எழுகிறதோ அதுதான் லக்கினம். சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ராசி மாறும். நான் பிறந்தது கன்னி முடிகிற விளிம்பில். ஐந்தரைக்குத் துலாம் வந்துவிடுகிறது. கிரகங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும், நட்சத்திரமும் மாறாது, எண்ணத் தொடங்கும் வீடு மட்டும் ஒன்று தள்ளிப் போகும். கன்னியிலிருந்து எண்ணினால் மீனத்துச் செவ்வாய் ஏழாம் இடம், அது தோஷம். துலாத்திலிருந்து எண்ணினால் ஆறாம் இடம், தோஷம் இல்லை. எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். மற்ற வீடுகளும் கூடவே நகரும் என்று நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

அடுத்த மாதமே சங்கரன்கோவிலிலிருந்து இந்த வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு உரக்கடை. பொருத்தம் பார்த்தவர் ரத வீதியில் மாடியில் உட்கார்ந்திருக்கும் ஜோசியர், கறாரான மனிதர். பத்துப் பொருத்தத்தை விரல்விட்டு எண்ணி முடித்ததும் எல்லோரும் எழுந்திருக்கப் பார்த்தார்கள். அவர் விடவில்லை.

"இருங்க. நட்சத்திரப் பொருத்தம் மட்டும் பாத்துக் கட்டிவச்சிட்டு, நாளைக்குப் பிள்ளை இல்லைன்னு என்ட்ட வந்து நிக்கக் கூடாது. புத்திர ஸ்தானம் பாக்கணும்லா."

புத்திர ஸ்தானம் என்பது லக்கினத்திலிருந்து ஐந்தாம் வீடு. அந்த வீட்டில் யார் இருக்கிறார், வீட்டுக்குச் சொந்தக்காரர் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறார், பிள்ளைக்குக் காரகனான குரு அதைப் பார்க்கிறாரா, இந்த மூன்றையும் இரண்டு ஜாதகத்திலும் பார்த்தார். மாப்பிள்ளைக்கு மீன லக்கினம். ஐந்தாம் இடமான கடகத்தில் கேது. கடகத்துக்கு உடைய சந்திரன் பன்னிரண்டில் மறைந்திருந்தார். குரு நாலாம் இடத்தில், அங்கிருந்து ஐந்தாம் வீட்டுக்குப் பார்வை கிடையாது.

"பையனுக்கு இடம் பலமில்ல" என்றார் ஜோசியர். மாப்பிள்ளையின் அம்மா, பிற்பாடு என் அத்தை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஜோசியர் என் கட்டத்தை இழுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. துலா லக்கினம். ஐந்தாம் இடம் கும்பம். அதற்குடைய சனி அங்கேயே ஆட்சியாக இருக்கிறார். லக்கினத்தில் நிற்கும் குரு ஐந்தாம் பார்வையாக அதே வீட்டைப் பார்க்கிறார்.

"சனி இருக்கதால கொஞ்சம் தாமதம் ஆகும், ஆனா தராமப் போக மாட்டான். ஒரு பக்கம் பலம் குறைஞ்சா மறுபக்கம் பலமா இருக்கணும். இந்தப் பொண்ணு கட்டம் அவனைத் தாங்கிக்கிடும். தாராளமாச் செய்யலாம்."

செவ்வாய்க்காக நகர்த்திய கால் மணி நேரம் எனக்கு ஒரு ஐந்தாம் வீட்டையும் கட்டிக் கொடுத்திருந்தது. அந்த வீட்டை நம்பித்தான் என்னைக் கட்டினார்கள். அம்மாவும் நானும் அன்றைக்கு நிம்மதியாக பஸ் ஏறினோம்.

ஏழு வருஷம் ஆயிற்று. திருநெல்வேலியில் பார்க்காத பரிசோதனை இல்லை. இரண்டு பேரிடமும் குறை இல்லை என்றே எல்லா ரிப்போர்ட்டும் சொன்னது. குறை இல்லை என்று சொல்லும் டாக்டரிடம் என்ன கேட்பது? மறுபடி ஜோசியரிடம்தான் போனோம். முதலில் தாமதம்தான் என்றார். அப்புறம் எனக்கு ராகு தசை நடக்கிறது, குரு தசை பிறக்கட்டும் என்றார். குரு தசை பிறந்து மாதங்கள் ஓடின. வேறொன்றும் பிறக்கவில்லை. கடைசியில் அவர் என் கட்டத்தை ஓரமாக நகர்த்திவிட்டு என் வீட்டுக்காரரின் கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"பொண்ணு கட்டத்துல ஒரு சொத்தை சொல்ல முடியாது. இது அஞ்சுல கேது. நாக தோஷம். பரிகாரம் பையன்தான் செய்யணும்."

அன்று தொடங்கியது. வியாழக்கிழமை குருவுக்குக் கொண்டைக்கடலை மாலை. வெள்ளிக்கிழமை சங்கரன்கோவில் புற்று மண். ராமேஸ்வரத்தில் நாகப் பிரதிஷ்டை. அவர் ஒன்றையும் விடவில்லை. ஊர் முழுக்க பாம்புக்கடிக்கும் தோலரிப்புக்கும் பூசுகிற மண்ணை, இந்த மனிதர் தினமும் நெற்றியில் இட்டு, ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொண்டு கடை திறக்கப் போவார். அத்தை, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவரை வைத்துக்கொண்டே சொல்வார்: "மருமக மேல ஒரு குத்தமும் இல்ல. எம் மகன் கட்டந்தான் சரியில்ல." அத்தை கெட்டவரில்லை. நியாயமாகப் பேசுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். அந்த நியாயத்தைக் கேட்டுக்கொண்டு நான் அடுக்களையில் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைப்பேன். அதற்கு மேல் ஒன்றும் செய்ய மாட்டேன். கோழை.

ஒரு தடவை மட்டும் யாருக்கும் தெரியாமல் ஜோசியரிடம் போனேன். திருவேங்கடம் ஊரில் நான் வேலை பார்க்கும் ஆபீசில் ஒரு பொண்ணு கேட்கச் சொன்னாள் என்று சொல்லி, என் பிறந்த தேதியையும் ஐந்தே கால் என்ற நேரத்தையும் எழுதி நீட்டினேன். போனில் கட்டம் போட்டார்.

"கன்னி லக்கினம். அஞ்சாம் இடம் மகரம். அதுக்கு உடையவன் சனி ஆறுல போய் மறைஞ்சிட்டான். ரெண்டுல இருக்க குருவுக்கு அஞ்சாம் வீட்டு மேல பார்வை இல்ல." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தப் பிள்ளைக்குப் பாக்குற பையனுக்கு அஞ்சாம் இடம் நல்லா இருக்கணும். ரெண்டு பக்கமும் பலமில்லாத ஜாதகத்தைச் சேக்கவே கூடாது. கல்யாணம் ஆயிட்டா?"

"ஆயிட்டு."

"அப்ப இத ஏன் கேக்க? சாமி கும்பிடச் சொல்லு."

படியிறங்கி வீட்டுக்கு வந்தேன். இதையெல்லாம் நான் முழுதாக நம்புகிறேன் என்று சொல்ல மாட்டேன். நம்பாவிட்டாலும் எனக்கு விடுதலை இல்லை. ஏனென்றால் என் வீட்டுக்காரர் நம்புகிறார்.

போன ஆவணியில் அவர் தங்கை மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். அவர் கம்மல் வாங்கி, புது வேட்டி கட்டி, மணையில் உட்காரப் போனார். தங்கை வீட்டுப் பெரியவர் ஒருவர் பதமாகத்தான் சொன்னார்: "அஞ்சுல கேது உள்ள மடி. பச்சப்பிள்ளை. சின்ன மாமாவ உக்காரச் சொல்லுவமா?" யாரும் மறுத்துப் பேசவில்லை. அவர் கம்மல் பெட்டியைச் சின்ன மாமாவான தன் சித்தி மகனிடம் கொடுத்துவிட்டு, பந்தியில் இலை போடப் போய்விட்டார். கடைசிப் பந்தி வரைக்கும் அவர்தான் இலை போட்டார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டர் கடை, ஐந்தரை, கன்னி, ஆறில் மறைந்த சனி எல்லாவற்றையும். அவர் பிழிந்த வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"எங்க அம்மாவுக்கு. இப்ப உங்களுக்கு."

"இத்தன நாளா என்ன மண்ணு திங்க விட்டுப் பாத்துக்கிட்டு இருந்திருக்க."

நான் அழுதேன். அவர் தேற்றவில்லை. அது நியாயம்தான்.

"இன்னைக்கே அத்தைட்ட சொல்லிருதேன்" என்றேன். "எல்லார் முன்னாலயும் சொல்லுதேன். நீங்க தலை நிமிந்து இருங்க."

"ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு?" அவர் சத்தத்தை அடக்கிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். "எனக்குக் கட்டம் சரியில்லன்னா கோயிலுக்குப் போகச் சொல்லுதாங்க. ஒனக்குச் சரியில்லன்னு தெரிஞ்சா வேற பொண்ணு பாக்கச் சொல்லுவாங்க. எங்க அம்மா அடுத்த வாரமே ஜாதகத்தத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிருவா. அஞ்சரைன்னா அஞ்சரைதான். இருக்கட்டும்."

"உங்களுக்குக் கோவம் இல்லையா?"

"இருக்கு. அது தனி."

நாலு நாள் என்னோடு பேசவில்லை. கடையிலிருந்து வருவார், சாப்பிடுவார், படுப்பார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை, என்னைப் பற்றியும் யாரிடமும் ஒரு வார்த்தை இல்லை. ஜோசியர் பேச்சை இழுத்து அத்தை வழக்கம்போல ஏதோ சொன்னபோது, "ஆமா, எனக்குத்தான்" என்று தட்டிலிருந்து நிமிராமல் சொன்னார். முன்பெல்லாம் அப்படிக்கூடச் சொல்ல மாட்டார், சும்மா இருப்பார்.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். அத்தை புற்று மண்ணை வாங்கி, மகன் நெற்றியில் அழுத்தி இட்டு, ஒரு சிட்டிகையை அவர் நாக்கிலும் வைத்தார். அவர் கண்ணை மூடி விழுங்கினார். எனக்கு என்னவோ ஆகி, நானும் கையை நீட்டினேன்.

அத்தை என் கையைச் செல்லமாகத் தட்டினார். "ஒனக்கு எதுக்கு மக்கா இது? ஒன் கட்டம் தங்கமான கட்டம்லா."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லிவிடாதே என்று தலையை லேசாக அசைத்தார். நான் கையை மடக்கிக்கொண்டேன்.